துணைக்கு வந்தவருக்கு யார் துணை?

எப்ராத்தாவிளையில் இரண்டு மாதம் ஒருவராலும் தனியாக நடக்க முடியாமல் போனதற்குக் காரணம் ஞானதிரவியத்தின் பேச்சா, ஆட்டுக்கறி பிரியாணியா என்று அந்த ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பேச்சு திரவியத்துடையது, ஆமென் ஊராருடையது, அந்த ஆமெனை அவ்வளவு சத்தமாகச் சொல்லவைத்தது பந்தலுக்குப் பின்னாலிருந்து வந்த வாசம். ஆகவே மூன்றுக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொண்டு கதைக்குப் போவோம்.

திரவியம் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர். விடிந்ததும் மோட்டாரைப் போடுவதும், தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவதும் வேலை. வயது நாற்பத்து நான்கு, தலையில் பாதிக்கு மேல் நரை, கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் ஆகாத ஒருவர்தான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். அவன் வயதுப் பையன்கள் ஒவ்வொருவராகப் பலிபீடத்தின் முன்னால் போய் மோதிரம் மாற்றி அந்தத் தகுதியை இழந்துகொண்டே வர, தகுதி குறையாமல் கடைசிவரை நின்றவன் திரவியம்தான். பதினெட்டுக் கல்யாணங்களில் அவன் பெஸ்ட்மேனாக நின்றிருந்தான், பதினெட்டு மாப்பிள்ளைகளின் நெற்றி வியர்வையைத் துடைத்திருந்தான், கோயில் பதிவேட்டில் பதினெட்டு முறை சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தான், ஒரே காகிதத்தை மடித்து மடித்து வைத்துப் பதினெட்டு முறை ஒரே வாழ்த்துரையை வாசித்திருந்தான். பெயர்களை மட்டும் பென்சிலால் மாற்றிக்கொள்வான்.

பதினெட்டுக்கும் ஒரே கோட்டுதான், நீல நிறம். இருபத்து மூன்று வயதில் தைத்தது. மனிதன் வளர்வதை நிறுத்திய பிறகும் வயிறு நிறுத்துவதில்லை என்பதால், ஒவ்வொரு கல்யாணத்துக்கு முந்தின வாரமும் அந்தக் கோட்டு தொட்டிக்குப் பக்கத்து வீட்டு டெய்லர் தொர்க்காளிடம் போகும். அவளும் தனிக்கட்டைதான், அப்பா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. உள்ளே மடித்து வைத்த துணியை அரை அங்குலம் அரை அங்குலமாகப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தவள், பத்தொன்பதாவது முறை கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆபரேட்டர், இதுக்கு மேல பிரிக்க இதுல துணி இல்ல. அடுத்த கல்யாணத்துக்கு ஒண்ணு நீங்க மெலியணும், இல்லன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லணும்."

ஊரில் சின்னவர்கள் எல்லாரும் அவனை அண்ணாச்சி என்பார்கள். தொர்க்காள் மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆபரேட்டர் என்பாள். பதிலுக்கு அவனும் டெய்லர் என்பான். இதை ஊரே கவனித்திருந்தது, அந்த இரண்டு பேர் மட்டும் கவனிக்கவில்லை.

அந்தப் பத்தொன்பதாவது கல்யாணம் அருமைநாயகத்துடையது. அதுதான் விஷயம். அருமை அவனுடைய கடைசி நண்பன், கல்யாணம் ஆகாதவர்களில் மிச்சமிருந்த ஒரே ஆள். ஆறாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே சுற்றியவர்கள், டீக்கடைக்கும் சேர்ந்து, கடற்கரைக்கும் சேர்ந்து, பெண் பார்க்கப் போனாலும் சேர்ந்து. அருமைக்கு நாற்பத்து நாலு வயதில் செல்வராணி டீச்சர் கிடைத்ததில் திரவியத்துக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று காலையில் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோது, நாளைக்குச் சாயங்காலம் டீக்கடைக்கு யாரோடு போவது என்ற கேள்வி வந்தது, அது வந்ததும் அழுகை வந்தது, அழுதால் கோட்டுப் பொத்தான் தெறித்துவிடும் என்பதால் அடக்கிக்கொண்டான். தான் இனி வாழ்நாள் முழுக்கத் தனி என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் திட்டமாகத் தெரிந்தது.

கோயிலில் அருமைக்கு ஆறாக வியர்த்தது. பாஸ்டரையா "சம்மதமா?" என்று கேட்டபோது சம்மதத்துக்குப் பதிலாக ஒரு சொட்டுதான் விழுந்தது. தோழன் பதறிப்போய்ச் சட்டைப்பையில் கையை விட்டு, வந்ததை எடுத்து மாப்பிள்ளையின் முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்தான். துடைத்து முடித்த பிறகுதான் அது கைக்குட்டை இல்லை, வாழ்த்துரைக் காகிதம் என்று தெரிந்தது. பதினெட்டுக் கல்யாணத்து மையில் கொஞ்சம் அருமையின் கன்னத்திலும் மிச்சம் நெற்றியிலுமாக ஏறி, கல்யாண போட்டோவில் இன்றைக்கும் இருக்கிறது. காகிதத்தில் ஒரு எழுத்து இல்லை.

பந்தலில் வாழ்த்துரை தொடங்கும்போது மணி ஒன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெபமணி வாத்தியார் நாற்பது நிமிஷம் பேசினார், அதில் முப்பத்தைந்து நிமிஷம் தன்னைப் பற்றி. ஊராட்சித் துணைத் தலைவர் பாக்கியநாதன் சாலை வசதி பற்றிப் பேசினார். பெண்ணின் சித்தப்பா பேச வந்து பாடினார். கடைசியில், வழக்கம்போல, மாப்பிள்ளைத் தோழன். கூட்டம் கையைக் கழுவத் தயாராகி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது. திரவியம் மைக்கைப் பிடித்து, வெறுங்காகிதத்தை ஒரு முறை பார்த்து, மடித்துப் பையில் வைத்தான்.

"பெரியவங்களே, தாய்மாரே, இன்னைக்கு எங்கிட்ட காகிதம் இல்ல. பத்திரிகையில ஒரு வார்த்தை போட்டிருக்கு, அதப் பத்தி மட்டும் சொல்லிட்டு உக்காந்திருதேன். வாழ்க்கைத் துணைன்னு போட்டிருக்கு. வாழ்க்கைத் தலைவருன்னு போடல. வாழ்க்கைக் காவலருன்னும் போடல. துணை. அது சின்ன வார்த்தை, நாம எதுக்கெல்லாம் அதச் சொல்லுதோம்னு பாருங்க. ராத்திரி கொல்லைக்குப் போகணும், பயமா இருக்கு, அம்மாவத் துணைக்குக் கூப்பிடுதோம். அம்மா வந்து என்ன செய்யுதா? ஒண்ணும் செய்யல. கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கா. போன காரியத்த நாமதான முடிக்கணும். ஆனா அவ நின்னாத்தான் காரியம் முடியும்."

சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை.

உதவி வேறு, துணை வேறு என்று அவன் சொன்னான். மூட்டையைத் தூக்கிவிடுகிறவர் உதவி. மூட்டை இறங்கியதும் அவர் போய்விடலாம். துணைக்கு வருகிறவரின் கையில் வேலையே இல்லை, ஆகவே வேலை முடிந்தது என்று கிளம்பவும் அவரால் முடியாது. வளர்ந்த ஒரு பெண் அடுத்த ஊருக்குத் தனியே போகக்கூடாது என்று மூன்று வயதுப் பிள்ளையைத் துணைக்கு அனுப்புகிறோம். திருடன் வந்தால் அந்தப் பிள்ளை அவனைப் பிடிக்குமா? மிட்டாய் கொடுத்தால் அவனோடும் போய்விடும். இருந்தாலும் அது துணை. கடைப் பலகையில் கர்த்தர் துணை என்று எழுதுகிறோம், லாரி நெற்றியில் முருகன் துணை என்று எழுதுகிறார்கள். உலகத்தைப் படைத்தவருக்கும் மூக்கொழுகும் மூன்று வயதுக்கும் ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அந்த இடத்தில் பலத்தை யாரும் கேட்பதில்லை, கூட இருக்கிறாயா என்று மட்டும்தான் கேட்கிறோம். 'ம' பக்கத்தில் துணைக்கால் போட்டால் 'மா'. அந்தக் காலைத் தனியே நிறுத்தி வாசிக்கச் சொன்னால் வாத்தியாராலேயே முடியாது. துணைத் தலைவர் என்கிறோம், தலைவர் ஊரில் இல்லாதபோதும் நாற்காலி காலியில்லை என்று காட்ட ஒருவர். இதைக் கேட்டுப் பாக்கியநாதன் எழுந்து கும்பிட்டார், இது புகழ்ச்சியா இல்லையா என்று தெரியாமலே. கெட்ட காரியத்துக்கும் துணை போகலாம், போலீஸ் அதற்கும் கேஸ் எழுதும். ஆகவே துணை என்பது நல்லவர் கெட்டவர் கணக்கும் அல்ல, கூடப் போவது, அவ்வளவுதான்.

"நானும் அருமையும் பனங்காட்டு வழியா டியூஷன் போவோம். எனக்குப் பேய்ப் பயம், அவனுக்கு நாய்ப் பயம். பேய் வந்தா அவன் எனக்கு முன்னால ஓடியிருப்பான். ஆனா அவன் கூட வந்தா எனக்குப் பயம் கிடையாது. இன்னைக்கு அவனுக்கு வாழ்க்கைக்கே ஒரு துணை வந்தாச்சு." இந்த இடத்தில் குரல் உடைந்தது. சொல்ல நினைத்தது 'மணமக்கள் வாழ்க' என்பதுதான். வாயில் வந்தது வேறு. "இந்த ஊர்ல இனிமே ஒருத்தரும் தனியா நடக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரு துணை கிடைக்கட்டும்."

கோயில் பழக்கம் உள்ள ஜனம். யாராவது 'கிடைக்கட்டும்' என்று முடித்தால் அதை ஜெபமாக எடுத்துக்கொண்டு ஆமென் சொல்லியே பழகிய வாய்; அதோடு சோற்றுக்கும் அவர்களுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். எழுநூறு பேர் ஒரே குரலாக ஆமென் என்றார்கள். பந்தல் துணி ஒரு முறை உப்பி அமர்ந்தது.

முதலில் கை கழுவ எழுந்தவர் ஜெபமணி வாத்தியார். எழுந்தார், காலை எடுத்தார், கால் வரவில்லை. பசை போட்டு ஒட்டியதுபோலவும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. தனியாக வர அதற்கு இஷ்டம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த நாற்காலியில் அவர் மனைவி கனகம்மாள் இருந்தாள். மகள் கல்யாணத்தில் யார் பக்கம் யார் குறை சொன்னார் என்ற தகராறில் இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவளும் கை கழுவ எழுந்தாள். இரண்டு பேருடைய கால்களும் சேர்ந்து எழும்பின. இரண்டு இரண்டாக எழுநூறு பேரும் தண்ணீர்க் குழாய்க்குப் போய், இரண்டு இரண்டாக வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரியாணியில் உப்பு கூடுதல் என்பதைத்தான் அன்று முழுக்கப் பேசினார்கள். வெளியூர்க்காரர்களின் கால்கள் ஊர் எல்லையைத் தாண்டியதும் சரியாகிவிட்டன, ஆகவே அவர்களுக்கு உப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது.

மூன்று நாளில் ஊர் இதன் ஒழுங்கைக் கற்றுக்கொண்டது. வீட்டுக்குள்ளே எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம், வாசலைத் தாண்டினால் இன்னொருவர் வேண்டும். கயிற்றில் கட்டி இழுத்த ஆடு துணையில் சேராது, தானாகக் கூட வரும் நாய் சேரும், ஆனால் நாய் பாதி வழியில் வேறு நாயோடு போய்விடும், போன இடத்தில் மனிதன் நிற்க வேண்டும். இடுப்புக் குழந்தை சேரும். அதனால் ஒரு வாரம் ஊரில் கைக்குழந்தைக்குப் பெரிய கிராக்கி இருந்தது, பெற்றவர்களே பார்க்க முறை வைத்துக் காத்திருந்தார்கள். செத்துப்போன கணவரின் போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மாள் ரேஷன் கடைவரை போய் வந்தாள். அதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தேங்காய் திருடப் போன ஒருவன் துணைக்கு ஆள் தேட, கிடைத்தது தோப்புக்காரரின் மருமகன்தான். இருவரும் போனார்கள், பேசிக்கொண்டே திரும்பினார்கள், தேங்காய் ஞாபகம் வரவில்லை.

ஆனால் ஒரு சிக்கல், அதைத்தான் யாராலும் தாண்ட முடியவில்லை. துணைக்கு வந்தவர் உங்களை வீட்டில் விட்டுவிட்டு எப்படித் திரும்புவார்? அவருக்கும் கால் எழும்பாதே. சரி என்று அவரைக் கொண்டுவிட நீங்கள் போனால், அவர் வாசலில் நீங்கள் நிற்பீர்கள். முதல் நாள் சாயங்காலம் ஊரில் பாதிப் பேர் அடுத்தவர் வாசலில் நின்றார்கள். மறுநாள் பாக்கியநாதன், மூன்று மூன்று பேராகப் போங்கள், ஒருவரை விட்டுவிட்டு இரண்டு பேர் திரும்பலாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். திரும்பிய இரண்டு பேரில் ஒருவர் தன் வீட்டுக்குள் போனதும் மற்றவர் அங்கேயே நின்றார். நாலு பேர், ஆறு பேர் என்று போட்டுப் பார்த்தார்கள், பத்துப் பேராகக்கூடப் போனார்கள். எத்தனை பேர் போனாலும் கடைசியில் ஒருவர் நின்றார். அந்த ஆள் அநேகமாகத் திரவியமாக இருந்தான், ஏனென்றால் அவனுக்குத்தான் வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை, ஆகவே எல்லாரும் அவனைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்கள்.

ஊர்க்கூட்டம் நடந்தது. ஒரே வீட்டுக்குத் திரும்புகிற இரண்டு பேர் இருந்தால்தான் யாரையும் கொண்டுவிட முடியும் என்பதை ஜெபமணி வாத்தியார் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். அதனால் புருஷன் பெண்சாதிகளை வண்டிபோல முறை போட்டு ஊராட்சி ஓட்டியது. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஜோடி, பள்ளிக்கூடத்துக்கு நாலு ஜோடி, புதுமாப்பிள்ளை அருமையும் செல்வராணியும் கடைத்தெருவுக்கு. தண்ணீர் நின்றால் ஊர் நாறிவிடும் என்பதால், திரவியத்தைத் தினமும் விடிகாலை அவன் வீட்டிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து வீட்டுக்கும் கூட்டிப்போக வாத்தியாரும் கனகம்மாளும் என்று தீர்மானம் ஆனது. அவர்கள் வீடு அவன் வீட்டை அடுத்தது, சுவரே பொது. முதல் வாரம் இருவருக்கும் நடுவில் திரவியம் நடந்தான். இரண்டாவது வாரம், "அவர்கிட்ட அந்தக் கல்லப் பாத்து வரச் சொல்லு" என்று கனகம்மாள் அவன் வழியாகப் பேசினாள். ஐந்தாவது வாரம் அவன் ஓரமாக நடந்தான், நடுவில் இடம் இல்லை.

எல்லாரும் இப்படி ஒருவழியாக ஒப்பேற்றிக்கொண்டார்கள். திரவியத்துக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் மனசில் அடி விழுந்தது. முன்பு தனியாக இருந்தான், அது அவன் காரியம். இப்போது ஊருக்கே ஒரு சுமையாகத் தனியாக இருந்தான். அவன் கேட்ட ஆசீர்வாதம் அவனைத் தவிர எல்லாருக்கும் பலித்துவிட்டது என்று நினைத்தான். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மதுரையில் அக்கா வீட்டோடு போய்விடலாம் என்று முடிவு செய்து, கடிதத்தைக்கூட எழுதி, அந்தப் பழைய வாழ்த்துரைக் காகிதத்தின் பின்புறத்திலேயே எழுதி, பையில் வைத்திருந்தான்.

நாற்பதாவது நாள் காலை, அவன் மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாத்தியாருக்குப் போன் வந்தது. சென்னையில் மகளுக்கு இடுப்பு வலி. கனகம்மாள் "ஏங்க" என்றாள், வாத்தியார் "வா" என்றார், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினார்கள். திரவியம் என்ற ஒருவன் தொட்டியடியில் நிற்பது அவர்கள் கோவில்பட்டியைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

அவன் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஆள் இல்லை. காலை எடுத்துப் பார்த்தான், வரவில்லை. வெயில் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது. தொர்க்காள் பள்ளிச் சீருடைக் குவியலுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, வேலியில் இருந்த இடைவெளி வழியாக அவனைப் பார்த்தாள். அவன் நின்றது வேலியை ஒட்டித்தான், அவள் காலை வைத்தால் அவன் பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

"துணைக்கு வரவா, ஆபரேட்டர்?" என்றாள்.

இருவரும் நடந்தார்கள். அவன் வீடு ஊரின் அந்தக் கோடி, நடுவில் மூன்று தெரு. அவன் வாசல் வந்ததும் நன்றி சொன்னான், சொன்ன பிறகுதான் இருவருக்கும் புரிந்தது. அவளை எப்படி அங்கே நிறுத்துவது? கொண்டுவிடக் கிளம்பினான். அவள் வாசலில் அவன் நின்றான். அவள் கையில் இருந்த அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினாள். ஊரில் யாரும் எங்கேயும் போக முடியாத வேளை, எல்லாரும் அவரவர் வாசலில் துணைக்குக் காத்து நின்றார்கள், ஆகவே ஊர் முழுக்க அதைப் பார்த்தது. முதல் நடையில் சிரித்தார்கள். இரண்டாவது நடையில் தண்ணீர் அழுத்தம் பற்றி அவன் ஏதோ சொன்னது காதில் விழுந்தது. மூன்றாவதில் அவள் கோட்டைப் பற்றிப் பேசினாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் பிரித்தாளாம், ஒரேயடியாகப் பிரித்தால் அவன் அடுத்த முறை வரமாட்டானே என்று. அதைக் கேட்டதும் அவன் நடை மெதுவானது. நாலாவதில் ஒரு வீட்டார் மோர் கொடுத்தார்கள். ஐந்தாவதில் அவளுடைய அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள், அவன் கேட்டுக்கொண்டே வந்தான். ஆறாவதில் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அருமைநாயகம் தன் வாசலில் செல்வராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, அட, சொல்லுல, சொல்லித் தொலை என்று வாய்க்குள் முனகினான்.

ஏழாவது நடையும் போய் வந்து அவள் வாசலில் முடிந்தது. அவனைக் கொண்டுவிட அவள் மறுபடி திரும்பியபோது அவன் அசையவில்லை.

"டெய்லர், அன்னைக்குப் பந்தல்ல நான் பேசினதுல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னது?"

"துணைக்கு வாறவங்க எல்லாரையும் திரும்பக் கொண்டுவிடணும். அம்மாவா இருந்தாலும் சரி, அருமையா இருந்தாலும் சரி. அவங்களுக்குன்னு ஒரு வீடு இருக்கும், அங்க போயிருவாங்க, நாம வாசல்ல நிப்போம். திரும்பக் கொண்டுவிட வேண்டாத ஆளு ஒண்ணே ஒண்ணுதான். அதத்தான் பத்திரிகையில வாழ்க்கைத் துணைன்னு போடுதாங்க போல. எனக்கு நாப்பத்தி நாலு வயசு ஆகுது. இப்பதான் தெரியுது."

தொர்க்காள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் கடைக்கு வந்தவரிடம் பேசும் குரலாகத்தான் இருந்தது.

"உங்க வீடு மழைக்கு ஒழுகும்னு சொல்லுவாங்க. மிஷின் இங்கதான் கெடக்கு. தொட்டியும் பக்கம்." வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். "நீங்க இங்கயே இருந்திருங்க. யாரும் யாரையும் கொண்டுவிட வேண்டாம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று பாஸ்டரையா கேட்டபோது, ஏன் இவ்வளவு நாள் ஆச்சு என்ற ஒரு ஆட்சேபணைதான் பின்வரிசையிலிருந்து வந்தது. மாப்பிள்ளைத் தோழன்தான் பிரச்சினை. ஊரில் அந்த வயதில் கல்யாணமாகாதவர் யாரும் மிச்சமில்லை, இருந்த ஒருவரும் மாப்பிள்ளை ஆகிவிட்டார். கடைசியில் வழக்கத்தைத் தளர்த்தி அருமைநாயகத்தை நிறுத்தினார்கள். தனியாக நடக்க முடியாது என்பதால் செல்வராணியும் பக்கத்தில் நின்று அவன் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீலக் கோட்டைத் தொர்க்காள் முழுசாகப் பிரித்து, நடுவில் தன் புதுச் சேலைத் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்திருந்தாள். திரவியம் அதற்குள் தாராளமாக மூச்சு விட்டான்.

வாழ்த்துரை நேரத்தில் ஊரார் மைக்கை மாப்பிள்ளையிடமே கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு எழுநூறு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். திரவியம் கூட்டத்தைப் பார்த்தான், தொர்க்காளைப் பார்த்தான், "வாங்க, சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பிரியாணியில் உப்பு சரியாக இருந்தது.

கால்கள் எப்போது விடுபட்டன என்று சரியாகத் தெரியாது, ஏனென்றால் அதற்குள் தனியாகப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை ஜெபமணி வாத்தியார்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து மகளோடு கூட்டிவந்த புதுப் பேரனைக் கனகம்மாள் குளிப்பாட்டிக்கொண்டிருக்க, பேப்பர் வாங்கப் பாதித் தெரு போனவர், பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்லி, பதில் வராததால் பார்த்து, அங்கே ஆள் இல்லாததைக் கண்டு, நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டார். ஊர் வெளியே ஓடிவந்து ஒற்றைக் காலை ஒற்றைக் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டது.

வாத்தியாருக்கு ஒரு மணி நேரம் முன்பே திரவியத்துக்கு அது தெரியும். விடிகாலையில் மோட்டார் போட எழுந்தவன், தொர்க்காள் தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் வாசலுக்கு வந்து, பழக்கத்தில் ஒரு காலை நீட்டினான். கால் போனது. இன்னொரு காலையும் வைத்தான், அதுவும் போனது. தொட்டி பதினைந்து அடி தூரத்தில் இருந்தது, வழி துப்புரவாக இருந்தது, நாய்கூட இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. அவன் பையில் கையை விட்டு, எப்போதோ எழுதிய ராஜினாமாவை எடுத்து, நாலாகக் கிழித்து வேலியில் போட்டான். பிறகு வைத்த இரண்டு அடியையும் பின்னால் எடுத்து வீட்டுக்குள் திரும்பினான்.

"டெய்லர்," என்று மெதுவாகக் கூப்பிட்டான். "மோட்டார் போடப் போறேன். துணைக்கு வாங்களேன்."

தொர்க்காள் கண்ணைத் திறக்காமலே எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே அவன் பின்னால் வந்து நின்றாள்.